186 பேருக்கு எழுதிய நன்றி, யார் கண்ணிலும் படாத கதை

பென்னாகரம் பக்கத்து மலையோரக் கிராமங்கள் இரண்டில் நாங்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். பெற்றோர் கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் போய்விட, பாட்டி தாத்தாவிடம் வளரும் பிள்ளைகளே இங்கு அதிகம் வருகிறார்கள். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியபோது, தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று 186 பேர் பணம் அனுப்பினார்கள். அந்த நிதியாண்டில் வந்த மொத்தத் தொகை 4,12,000 ரூபாய். அடுத்த நிதியாண்டில் அந்த 186 பேரில் 58 பேர் மட்டுமே மீண்டும் தந்தார்கள். தொகை 1,37,000 ரூபாயாகச் சுருங்கியது. ஒரு படிப்பகத்தை ஐந்து மாதம் மூட வேண்டியதாயிற்று. மற்றொன்றில் ஆசிரியைகளின் சம்பளம் நிற்கக் கூடாது என்பதற்காக என் மனைவியின் சங்கிலியை 1,10,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். இந்த இழப்பு முழுவதற்கும் ஒரு மின்னஞ்சலே காரணம் என்று சொல்ல மாட்டேன். வேலை இழந்தவர்களும், வேறு செலவுகளில் சிக்கியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். ஆனால் நான் எழுதிய நன்றி மடலை அவர்களில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை என்பதைப் பின்னர் ஒவ்வொருவராக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருக்கிறது. நன்கொடை தந்தவர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 10பிஇ படிவச் சான்றிதழை, நிதியாண்டு முடிந்த பிறகு மே 31க்குள் வழங்கிவிட வேண்டியிருந்தது. சான்றிதழை அனுப்பும்போதே நன்றியையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஆகஸ்டு மாதம் பணம் அனுப்பியவருக்கு மே மாதம் நன்றி போய்ச் சேரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றுக்கு 6,500 ரூபாய் கட்டினேன். முத்திரை, படங்கள், வண்ணப் பொத்தான்கள் எல்லாம் வைத்து மடலை அழகாக வடிவமைக்க ஒருவருக்கு 4,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து வாசகங்களை எழுதினேன். பொருள் வரியில் நான் எழுதியது இது: "2021-22 நிதியாண்டின் நன்கொடைக்கான சான்றிதழ் மற்றும் நன்றி தெரிவித்தல் தொடர்பாக". மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு மனு எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். பொருள் என்று போட்டால் 'தொடர்பாக' என்று முடிப்பது நமக்குப் பள்ளியிலேயே வந்துவிட்ட வழக்கம்.

அனுப்பிய மறுநாள் அந்தச் சேவையின் அறிக்கையில், பாதிக்கும் மேற்பட்டோர் மடலைத் திறந்ததாகக் காட்டியது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த எண்ணை நம்பியது என் அடுத்த பிழை. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அந்தப் படம் இறக்கப்பட்டால் மடல் திறக்கப்பட்டது என்று இத்தகைய சேவைகள் கணக்கிடுகின்றன. ஆனால் 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிள் நிறுவனத்தின் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பு வசதியை இயக்கியவர்களுக்கு அந்தப் படங்களை முன்கூட்டியே தானாக இறக்கிவிடுகிறது. ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் 'திறந்தார்' என்றே பதிவாகும். பதில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். 186 பேரில் மூவர். அந்த மூவரில் இருவர் சான்றிதழில் பிழை இருப்பதாகச் சொல்லவே எழுதியிருந்தார்கள்.

உண்மை தெரிந்தது 2023 ஜனவரியில். தருமபுரி நகரில் இருக்கும், அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதலாண்டில் 5,000 ரூபாய் தந்திருந்தார். அவ்வாண்டு ஏன் தரவில்லை என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லும் சாக்கில் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவரே, "தம்பி, நான் போட்ட பணம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பீர்களோ என்று விட்டுவிட்டேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஐயா, மே மாதமே மடல் அனுப்பினேனே" என்றேன். அவர் தம் கைப்பேசியைக் கொடுத்து, "நீங்களே தேடுங்கள்" என்றார்.

தேடினேன், கிடைத்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் தள்ளுபடி அறிவிப்புக்கும் வங்கியின் கட்டண அறிவிப்புக்கும் நடுவில், விளம்பரங்களுக்கான பகுதியில் அது திறக்கப்படாமல் கிடந்தது. என் மடலை நான் அதுவரை என் கணினியின் அகலத் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். அவருடைய கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். அதில் தெரிந்தவை மூன்று வரிகள். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் "admin" என்று இருந்தது. அதன் கீழே "2021-22 நிதியாண்டின் நன்கொ…" என்று பொருள் வரி அறுந்து நின்றது. அதற்கும் கீழே, மடலின் தொடக்கம் தெரிய வேண்டிய இடத்தில், "இம்மின்னஞ்சல் சரியாகத் தெரியவில்லை எனில் இங்கே…" என்று இருந்தது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய வாசகங்களில் ஒரு சொல்கூட அங்கே இல்லை. அந்தப் பெரியவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாற்பது வருடம் தபால் பிரித்தவன் நான். உறையைப் பார்த்தாலே எது ஆள் எழுதியது, எது அலுவலகம் அனுப்பியது என்று சொல்லிவிடலாம். இது அலுவலக உறை" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மின்னஞ்சலுக்கு உறை என்பது அந்த மூன்று வரிகள்தாம்: அனுப்புபவர் பெயர், பொருள் வரி, மடலின் முதல் வாக்கியம். மூன்றாவது வரி மடலுக்கு உள்ளே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஜிமெயில் போன்ற பெரும்பாலான செயலிகள் மடலின் முதல் சில சொற்களை எடுத்து, திறப்பதற்கு முன்பே பட்டியலில் காட்டிவிடுகின்றன. மேலே முத்திரைப் படத்துக்கான விளக்கச் சொற்களையோ 'உலாவியில் காண்க' என்ற இணைப்பையோ வைத்தால், அவையே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த இரண்டு வாரத்தில், மீண்டும் தராதவர்களில் 40 பேரிடம் தொலைபேசியில் பேசினேன். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. சான்றிதழ் கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன். 27 பேர் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். சிலர் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் தேடியும் கிடைக்காமல் விட்டிருந்தார்கள். அவர்களிடம் பேசிய ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்கள் என்னை நன்றி கெட்டவன் என்று நினைத்திருந்தால், அது அவர்களுடைய குற்றமே இல்லை.

முதலில் திருத்தியது அனுப்புபவர் பெயரை. அது மிக எளிது. மின்னஞ்சல் அமைப்புகளில் ஒரு நிமிட வேலை. "admin" என்பதற்குப் பதிலாக என் பெயரையும் அதன் பக்கத்தில் 'பென்னாகரம்' என்ற ஊர்ப் பெயரையும் வைத்தேன். அறக்கட்டளையின் பெயர் நீளமானது, அதையும் சேர்த்தால் என் பெயர் அறுந்துபோகும். அதனால் அதை மடலின் அடியில் கையெழுத்தோடு வைத்துக்கொண்டேன். ரசீதையும் சான்றிதழையும் நன்றி மடலிலிருந்து பிரித்துத் தனி மடலாக்கினேன். ரசீது மடலின் பொருள் வரி உணர்ச்சியே இல்லாமல் இருக்க வேண்டும். "80ஜி ரசீது" என்று தொடங்கி, அதன் பின்னே நிதியாண்டு இருந்தால் போதும். எப்போதாவது தேடி எடுப்பதற்கான மடல் அது. நன்றி மடலோ வந்த அன்றே படிப்பதற்கானது. இரண்டையும் ஒரே உறையில் போட்டதால்தான் இரண்டும் கெட்டன.

பொருள் வரிதான் எனக்கு அதிக நாள் எடுத்தது. தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் வாக்கியத்தில் அடைமொழிகள் முன்னால் வரும், செய்தி கடைசியில் வரும். "தங்களின் மேலான நன்கொடைக்கு எங்கள் மனமார்ந்த நன்றிகள்" என்பதில் நன்றி என்ற சொல் கடைசியில் இருக்கிறது. என் வீட்டில் இருந்த மூன்று கைப்பேசிகளுக்கும் இதை அனுப்பிப் பார்த்தேன். எழுத்து சிறியதாக இருந்த ஒன்றில் நான்கு சொற்கள் தெரிந்தன. என் தாயாரின் கைப்பேசியில் "தங்களின் மேலான நன்கொ…" என்பதோடு சரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஆறேழு சொற்கள் தெரியும் இடத்தில் நமக்கு மூன்று நான்கு சொற்கள்தாம் கிடைக்கும். அதனால் முதல் மூன்று சொற்களில் செய்தி வந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். தங்களின், மேலான, பெருமதிப்பிற்குரிய, மனமார்ந்த ஆகிய சொற்கள் மரியாதைக்குரியவைதாம். ஆனால் அவை யாருக்கு எழுதினாலும் பொருந்தும் சொற்கள். அவை முன்னால் நின்றால், இந்த மடல் தமக்காக எழுதப்பட்டது என்பதற்கான அடையாளம் எதுவும் படிப்பவர் கண்ணில் படாது.

ஒரு மடலை முழுமையாக எடுத்துக்காட்டினால் இது தெளிவாகும். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சகோதரி 3,000 ரூபாய் அனுப்பியிருந்தார். யுபிஐயில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். அதில் "அம்மா நினைவு" என்று எழுதியிருந்தார். வங்கிக் கணக்கு அறிக்கையை நான் அதுவரை தொகைக்காக மட்டுமே படித்திருந்தேன். இப்போது அந்தக் குறிப்புகளையெல்லாம் எக்செல் தாளில் தனி நிரலாக எடுத்து எழுதினேன். தந்தவர்கள் ஏன் தந்தார்கள் என்பதை அவர்களே நமக்குச் சொல்லியிருக்கும் ஒரே இடம் பல நேரம் அதுதான். அந்தச் சகோதரியிடம் தொலைபேசியில் பேசியபோது, தம் தாயார் பள்ளிக்கூட வாசலில் வேர்க்கடலை விற்றவர் என்றும், ஐம்பது வயதுக்கு மேல்தான் கையெழுத்துப் போடக் கற்றார் என்றும் சொன்னார். அவருடைய பணத்தில் முப்பது ரூபாய் வீதம் 60 இரட்டைக் கோடு நோட்டும், மின்தடைக்காக 1,200 ரூபாயில் ஒரு சார்ஜ் விளக்கும் வாங்கினோம்.

முதலில் நான் எழுதிய பொருள் வரி "அம்மா நினைவாகத் தந்த 3,000 ரூபாய்க்கு நன்றி". அவருக்கே உரிய வரி என்று மகிழ்ந்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இது அவர் கைப்பேசியின் பூட்டிய திரையிலேயே தெரியுமே, தொழிற்சாலையில் பக்கத்தில் இருப்பவர் பார்க்க மாட்டாரா?" என்று கேட்டாள். அது சரிதான். மூன்றாம் மனிதர் பார்த்தாலும் கூச்சம் தராத செய்தியைத்தான் பொருள் வரியில் வைக்க வேண்டும். தொகையும் துக்கமும் உறைக்கு மேலே வரக் கூடாதவை. அடுத்து "60 நோட்டும் விளக்கும் வந்துவிட்டன" என்று எழுதினேன். அது குறுகியது, செய்தி முன்னால் இருக்கிறது. ஆனால் கடையிலிருந்து பொருள் அனுப்பியதாக வரும் அறிவிப்பைப் போல இருந்தது; அப்படி நினைத்து யாரும் அதைத் தள்ளிவிடுவார்கள். கடைசியில் அனுப்பியது "நீங்கள் தந்த 60 நோட்டும் விளக்கும்". எந்தக் கடையும் 'நீங்கள் தந்த' என்று எழுதாது. எண்ணைக் கழித்தால் முதல் மூன்று சொற்களிலேயே அவர் இருக்கிறார், அவர் தந்த பொருள் இருக்கிறது. நன்றி என்ற சொல் அதில் இல்லையே என்று தயங்கினேன். அந்தச் சொல் மடலுக்குள் இருந்தால் போதும் என்று பிறகு தெளிந்தேன்.

முதல் வாக்கியத்திற்கு வருகிறேன். பழைய மடல், சேவை தானாகப் போட்ட பெயரை அடுத்து, "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா அவர்களுக்கு, வணக்கம். எங்கள் அறக்கட்டளையின் சார்பாகவும் மாணவர்களின் சார்பாகவும்" என்று தொடங்கியது. விளி, வணக்கம், நலம் விசாரிப்பு ஆகியவை முடிவதற்குள் பட்டியலில் தெரியும் இடம் தீர்ந்துவிடும். 'ஐயா/அம்மா' என்று சாய்கோடு போட்டு எழுதினால், எழுதியவருக்குத் தம்மைத் தெரியாது என்பது படிப்பவருக்குத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். வணக்கத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் அது மரியாதைக் குறைவு. அதனால் பெயரையும் வணக்கத்தையும் ஒரே சிறு வரியில் முடித்துவிட்டு, உடனே நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தை வைக்கிறேன். அந்தச் சகோதரிக்கு எழுதியது இது: "நீங்கள் தந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நேற்று தன் பாட்டியின் பெயரை எழுதினாள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடமே காட்டப் போவதாகச் சொன்னாள். உங்கள் அம்மா கையெழுத்துப் போடக் கற்றதை நீங்கள் சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது." அதன் பிறகே நன்றி சொன்னேன். தாயாரின் நினைவு இரண்டாவது வாக்கியத்தில் வந்ததால், மடலைத் திறந்தவருக்கு மட்டுமே அது தெரியும். இருபது நிமிடத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பிள்ளையின் பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டிருந்தார்.

இப்படி ஒரு வாக்கியம் எழுத வேண்டுமானால் அது நடந்திருக்க வேண்டும். நான் அன்று படிப்பகத்திற்குப் போய், நோட்டுகளைக் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேசையிலிருந்தே கற்பனை செய்து எழுதுவது எளிதுதான், ஆனால் அவர் "பாட்டி என்ன சொன்னார்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இருந்திருக்காது. பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் மடலில் எழுதுவதில்லை. வகுப்பும் செய்த செயலும் போதும். மடல் யார் கைக்கு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாது.

எல்லோரைப் பற்றியும் இவ்வளவு தெரிந்திருக்காது. குறிப்பு எதுவும் எழுதாமல், தொலைபேசியிலும் கிடைக்காமல் இருந்தவர்கள் 31 பேர். அவர்களிடம் நான் வேறொரு பிழை செய்தேன். தனிப்பட்டதாக ஏதாவது இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், ஒருவருக்கு "ஆகஸ்டு 14 அன்று இரவு பதினொன்றரை மணிக்கு நீங்கள் அனுப்பிய பணம்" என்று தொடங்கினேன். தம்மை யாரோ கண்காணித்துக்கொண்டிருப்பது போல இருந்தது என்று அவர் பதில் எழுதினார். நான் வெட்கப்பட்டேன். பதிவேட்டில் இருப்பதெல்லாம் உறவு ஆகிவிடாது. அவர் நம்மிடம் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் நெருக்கம். அவர் சொல்லாமல் நமக்குத் தெரிந்ததைச் சொன்னால் அச்சம். ஒன்றும் தெரியாதவர்களுக்கு இப்போது அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. பணம் வந்த வாரத்தில் அது எதற்குப் பயன்பட்டது என்று எழுதுகிறேன். "உங்கள் பணம் வந்த வாரம்தான் கூரை ஒழுகியது" என்பது அப்படி ஒரு பொருள் வரி. அது உண்மையாகவும் இருந்தது. அதற்கு நிறையப் பதில்கள் வந்தன.

நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 15 பேருக்குப் பொருள் வரியின் முன்னால் "Re:" என்று சேர்த்தும் அனுப்பிப் பார்த்தேன். ஏற்கெனவே எழுதிய மடலுக்குப் பதில் வந்திருக்கிறது என்று நினைத்துத் திறப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. திறந்தார்கள். பெங்களூரில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர், தாம் எழுதாத மடலுக்குப் பதில் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு, இனித் தமக்கு எழுத வேண்டாம் என்று முடித்தார். அவர் மூன்று முறை நன்கொடை தந்தவர். நன்றி சொல்லும் மடலை ஏமாற்றில் தொடங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் 97 பேருக்குத் தனித்தனியாக எழுதினேன். தொடக்கத்தில் ஒரு மடலுக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று; ஒரு மாலைக்கு ஐந்தாறு மடல் வீதம் மூன்று வாரம். மொத்த மின்னஞ்சல் சேவையை நிறுத்திவிட்டு என் சொந்தக் கணக்கிலிருந்தே, படமோ பொத்தானோ இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்பினேன். 97 பேரில் 41 பேர் பதில் எழுதினார்கள். இப்போது பணம் வந்த இரண்டு நாளுக்குள் எழுதிவிடுவதால் வேலை சேர்வதில்லை. பொருள் வரியையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதுகிறேன். நடுவில் வரும் செய்தி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதில் தவறில்லை. யாருக்கு எந்தப் பொருள் வரி போயிற்று என்பதையும் அதே எக்செல் தாளில் குறித்துவைக்கிறேன். இரண்டாம் முறை தருபவருக்கு முதல் முறை எழுதியதே போய்விட்டால், முதல் மடலின் அன்பும் பொய்யாகிவிடும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எனக்கு மிக அதிகம் வலித்தது அதுதான். மொத்த மின்னஞ்சல் சேவைகளில் பெயரை முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து, முதற்பெயரை விளியில் தானாகப் போடும் வசதி இருக்கும். நம் பெயர்கள் அந்த அச்சுக்குள் அடங்குவதில்லை. தலைப்பெழுத்தை முன்னால் எழுதுபவருக்கு "அன்புள்ள கே," என்று மடல் போகும். வங்கிப் பதிவில் தந்தையின் பெயர் முன்னால் இருந்தால், தந்தையின் பெயரையே சொல்லி அழைக்கும். 2022இல் அனுப்பிய அந்த மடல், கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரை அவருடைய தந்தையின் பெயரால் விளித்திருந்தது. அவர் மடலைத் திறந்து படித்த சிலரில் ஒருவர். தொலைபேசியில் பேசியபோது அவர் கோபப்படவில்லை. "அப்பா போன வருடம் காலமாகிவிட்டார், சார். அவர் பேருக்கு நன்றி வந்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு மன்னிப்பு மடல் எழுத எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. பொருள் வரியில் மன்னிப்பு என்ற சொல்லையோ அவர் தந்தையையோ வைக்கவில்லை. "உங்கள் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன்" என்று மட்டும் எழுதினேன். முதல் வாக்கியத்தில் எந்தக் காரணமும் சொல்லவில்லை. மென்பொருள் செய்தது என்று எழுதியிருந்தால் அது பழியை வேறிடத்தில் போடுவதாகும். "மே மாதம் உங்களுக்கு எழுதிய மடலில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் தந்தையாரின் பெயர் இருந்தது, அனுப்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை" என்று தொடங்கினேன். எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கடைசியில் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. ஊரில் எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படியே எழுதலாம் என்று சொல்லியிருந்தார். அன்று முதல் எக்செல் தாளில் வங்கிப் பெயருக்குப் பக்கத்தில் 'அழைக்கும் பெயர்' என்று ஒரு நிரல் இருக்கிறது. அதை நிரப்பாமல் யாருக்கும் மடல் போவதில்லை.